சோதனைக்கு முதல் ராத்திரி பாடமாக்கினது அடுத்த கிழமை ஏன் இல்ல? ஞாபகம் எப்பிடி நிலைக்குது, இடைவெளி விட்டு எப்பிடி மீட்டுறது

என்ட அக்காட மகள் ஏஎல் பயோ படிக்கிறாள், வீடு கல்லடில. போன தவணைப் பரீட்சைக்கு முதல் ராத்திரி நான் அங்கதான் நிண்டன். பதினொரு மணி இருக்கும், குசினி வாசல்ல பாய போட்டு கபச்சுரப்பிட எட்டு ஓமோனையும் மூச்சு விடாம ஒப்புவிச்சாள், தேவாரம் மாதிரி. அக்காவுக்கு சந்தோசம் தாங்கல, பிளேன்டீ ஊத்திக் குடுத்தவ. பரீட்சைல அந்தக் கேள்வியும் வந்ததாம், நல்லா எழுதினதாம். அடுத்த கிழமை புதன்கிழமை நான் சும்மா கேட்டன், "எங்க மகள், அந்த எட்டையும் சொல்லு பாப்பம்". மூண்டு வந்தது. நாலாவதுக்கு இன்சுலின் எண்டாள். இன்சுலின் சதையியில இருந்து வாறது, இந்தக் கணக்குலயே இல்ல.

"மாமா அண்டைக்கு எல்லாம் தெரிஞ்சிதானே இருந்த" எண்டு அழாக் குறை. உண்மைதான், அண்டைக்குத் தெரியும். பிழை அவள்ட மூளையில இல்ல, படிச்ச நேரத்த பிரிச்ச விதத்துல. அந்த எட்டு ஓமோனையே வச்சு முதல்ல உள்ளுக்க என்ன நடக்குது எண்டு சொல்லுறன், பிறகு 35 நாள்ல நாங்க அத எப்பிடி திரும்பப் படிச்சம் எண்டு நாள் கணக்கோட சொல்லுறன்.

முதல்ல நிக்கிற இடம் சின்னது

ஒருத்தர் போன் நம்பர் சொல்லச் சொல்ல வாய்க்குள்ள முணுமுணுத்துக்கொண்டு போய் பேனை தேடுறம், இடையில யாரும் "சாப்பிட்டயா" எண்டு கேட்டா நம்பர் போச்சு. அதுதான் குறுங்கால ஞாபகம். 1956ல ஜோர்ஜ் மில்லர் எண்டவர் ஒரே நேரத்துல ஏழு சாமான், கூடக் குறைய ரெண்டு, பிடிக்கும் எண்டு எழுதினார். பிறகு வந்த ஆராய்ச்சிகள் அதையும் குறைச்சு நாலு அளவுலதான் நிக்கும் எண்டு சொல்லுது. நேரமும் குறைவு. 1959ல பீற்றர்சன் எண்ட கணவன் மனைவி ரெண்டு பேரும் ஆக்களுக்கு மூண்டு எழுத்த குடுத்து, உடன ஒரு எண்ணுல இருந்து மூண்டு மூண்டா கழிச்சு எண்ண வச்சாங்க, மனசுக்குள்ள எழுத்த திருப்பிச் சொல்ல விடாம. 18 செக்கன் போனா பத்துல ஒண்டுதான் மிச்சம்.

எட்டு ஓமோன ஒரு பட்டியலா எடுத்தா நாலு கொள்ளுற பெட்டியில எட்ட அமத்துற மாதிரி. அதால படிக்க முதல் செய்ய வேண்டிய முதலாவது வேலை கட்டுறது, அதாவது பொருளோட சேத்து கட்டா கட்டுறது. கபச்சுரப்பிட முற்பக்கச் சோணைல ஆறு, பிற்பக்கத்துல ரெண்டு. அந்த ஆறுலயும் நாலு வேற சுரப்பிய தட்டி எழுப்புறது: டிஎஸ்எச் தைரொயிட்ட, ஏசிடிஎச் அதிரீனல் மேற்பட்டைய, எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் சனனிகள. மிச்சம் ரெண்டும் நேரா வேலை செய்யும்: வளர்ச்சி ஓமோன், புரோலக்டின். பின்னால ஏடிஎச்சும் ஒட்சிற்றோசினும். இப்ப நாலு, ரெண்டு, ரெண்டு. மூண்டே மூண்டு கட்டு, பெட்டிக்குள்ள கொள்ளும்.

அங்க இருந்து எப்பிடி நிரந்தரமா மாறுது

இத விளங்க ஒரு மனிசன்ட கதை வேணும். ஹென்றி மொலேசன் எண்டு அமெரிக்கர், வலிப்பு வருத்தம் கூடி 1953ல, 27 வயசுல, மூளையில ஹிப்போகாம்பஸ் எண்ட பகுதில பெரும்பங்கையும் அத சுத்தி இருந்ததையும் ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்தாங்க. வலிப்பு குறைஞ்சிது. ஆனா அதுக்குப் பிறகு 2008ல சாகுற வரைக்கும் புதுசா சந்திச்ச ஆளையோ நடந்த சம்பவத்தையோ ஞாபகத்துல வைக்க அவரால ஏலாமப் போச்சு. சின்ன வயசுக் கதை எல்லாம் இருந்தது, கதைக்கிறதும் புத்தியும் பழையபடி. ஒருக்கா 584 எண்ட எண்ண குடுத்து ஞாபகம் வைக்கச் சொன்னா கால் மணித்தியாலம் வச்சிருந்தார், எப்பிடி எண்டா எட்ட பிடிச்சன், மூண்டையும் கூட்டினா 17, எட்ட கழிச்சா 9, அத பிரிச்சா 5ம் 4ம், அப்ப 584 எண்டு விடாம மனசுக்குள்ள உருட்டிக்கொண்டே இருந்தார். கதைய மாத்தி ஒரு நிமிசம் போனா எண்ணும் இல்ல, எண் தந்தாங்க எண்ட ஞாபகமும் இல்ல.

என்ட மருமகள் பதினொரு மணிக்கு ஒப்புவிச்சதும் பாதி இதுதான். இப்பத்தான் வாயில உருண்டது இன்னும் சூடு ஆறாம இருந்தது, அவ்வளவுதான். ஹிப்போகாம்பஸ் கொஞ்சம் எழுதியிருக்கும், ஆனா அது தற்காலிகக் கொப்பி மாதிரி. அதுல இருந்து மூளையிட மேற்பட்டைக்கு, பழைய அறிவோட பின்னி நிரந்தரமாப் போக நாள் எடுக்கும், கிழமை எடுக்கும், மாசமும் எடுக்கும். நித்திரையில அந்த வேலை நல்லா நடக்குது, பகல்ல எலி ஓடின பாதைக்கு வேலை செஞ்ச அதே கலங்கள் ஆழ்ந்த நித்திரையிலயும் திரும்ப சேந்து துடிக்கிறத 1994லயே அளந்து காட்டிட்டாங்க. ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பாடமாக்குறவன் படிச்சத பதிய வைக்கிற ஆள அண்டைக்கு வேலைக்கு வர விடாம மறிக்கிறான்.

இன்னும் உள்ள போனா நரம்புக் கலம். ரெண்டு கலம் சந்திக்கிற இடத்தத்தான் நரம்பிணைப்பு எண்டு சொல்லுறது. எரிக் காண்டல் கடல்ல இருக்கிற பெரிய நத்தை மாதிரி ஓடில்லாத ஒரு சீவன வச்சு இத பாத்தார், 2000ல நோபல் பரிசு கிடைச்சிது. வால்ல ஒரு ஷொக் குடுத்தா அந்தச் சீவன் தொட்டவுடன செவுள கூடுதலா உள்ள இழுக்கும், ஆனா அந்த ஞாபகம் சில நிமிசம்தான் நிக்கும். அதையே இடைவெளி விட்டு விட்டு குடுத்தா நாள் கணக்கா நிக்கும். அவர் கண்டது என்னெண்டா குறுங்கால ஞாபகத்துக்கு இருக்கிற இணைப்பையே கொஞ்ச நேரம் பலப்படுத்தினா போதும், புதுசா ஒண்டும் கட்டத் தேவை இல்ல. நீண்டகாலத்துக்கு கலத்துட கருவுக்கு செய்தி போகணும், ஜீன் வேலை செய்யணும், புதுப் புரதம் உண்டாகணும், புது இணைப்பு முளைக்கணும். புரதம் உண்டாகாம மருந்து குடுத்துத் தடுத்தா குறுங்கால ஞாபகம் வரும், நீண்டகாலம் வராது.

இடைவெளி ஏன் வேணும் எண்டதுக்கு காரணம் இங்கதான் கிடக்கு. முதல்தரம் படிச்ச உடன கலத்துக்குள்ள அந்த வேலை தொடங்கியிருக்கும், அதே நிமிசத்துல திரும்பத் திரும்ப வாசிச்சா ஏற்கனவே ஓடுற வேலைக்கு மேல கத்துற மாதிரி, புதுசா பெருசா சேராது. எலி மூளைத் துண்டுல செஞ்ச ஒரு சோதனைல ரெண்டாவது தூண்டல பத்து நிமிசம், அரை மணித்தியாலத்துல குடுத்தப்ப பிரயோசனம் இல்ல, ஒரு மணித்தியாலம் விட்டு குடுத்தாத்தான் முதல்தரம் தவறின இணைப்புகளும் வந்து சேந்திச்சு. வயலுக்கு தண்ணி கட்டுறவனுக்கு இது புதுசு இல்ல. வரம்பு நிறைஞ்ச பிறகு கட்டுற தண்ணி வழிஞ்சு வாய்க்காலுக்குத்தான் போகும், மண் உறிஞ்சட்டும் எண்டு விட்டுட்டு பிறகுதான் கட்டணும்.

மறக்க விடுறதும் வேலைதான், ஆனா எவ்வளவு?

1885ல ஜேர்மன்காரர் எபிங்ஹாஸ் தன்னையே பரிசோதிச்சு எழுதினார். பொருளே இல்லாத 12 அசை உள்ள வரிசைய ஒரே மூச்சில 68 தரம் வாசிச்சு வந்த பலன், மூண்டு நாளா பிரிச்சு வாசிச்சப்ப 38 தரத்துல வந்ததாம். கிட்டத்தட்ட பாதி உழைப்பு. அதே மனிசன்தான் மறதி முதல் மணித்தியாலத்துல குத்தெண்டு விழும், பிறகு மெல்ல மெல்லத்தான் குறையும் எண்டும் காட்டினார்.

எவ்வளவு இடைவெளி எண்ட கேள்விக்கு 2008ல செப்பேடாவும் கூட்டாளிகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆக்கள வச்சு பாத்த ஆராய்ச்சிதான் கைக்கு உதவும். ஒரே ஒரு மீட்டல்தான் செய்வீங்க எண்டா, அந்த மீட்டல்ல இருந்து 7 நாள்ல சோதனை எண்டால் முதல் படிப்புக்கும் மீட்டலுக்கும் நடுவுல 1 நாள் நல்லது. 35 நாள்ல எண்டால் 11 நாள். 70 நாள்ல எண்டால் 21 நாள். சோதனை தூரப் போகப் போக இடைவெளியும் கூடும், ஆனா அதே அளவுல கூடாது. இது அந்த ஆராய்ச்சில பாத்த இடைவெளிகளுக்குள்ள நல்லது எண்டுதான், பஞ்சாங்கம் இல்ல. ஒரு நாள் முன்னப் பின்ன போனா ஒண்டும் ஆகாது, ஆனா மிச்சம் குறுக்கி வைக்கிறது கொஞ்சம் நீட்டி வைக்கிறதிலும் பாக்க நட்டம்.

மீட்டுறது எண்டா கொப்பிய விரிக்கிறது இல்ல

எங்கட பிள்ளைகள் அதிகம் பிழைக்கிற இடம் இது, அதால கொஞ்சம் நிண்டு சொல்லுறன். மீட்டல் எண்டா எல்லாரும் நோட்ஸ திறந்து மஞ்சள் பேனை அடிச்ச வரிகள திரும்ப வாசிக்கிறாங்க. வாசிக்கேக்க எல்லாம் பழகின முகம் மாதிரி இருக்கும், "ஓம் ஓம் தெரியும்" எண்டு மனசு சொல்லும். ஆனா சோதனைல கேக்கிறது முகத்த காட்டி பேர் இல்ல, வெறும் பேப்பர காட்டி எல்லாம் கேக்குது.

2006ல ரோடிகரும் கார்பிக்கும் ஒரு பந்திய ரெண்டு கூட்டத்துக்கு குடுத்தாங்க, ஒரு கூட்டம் ரெண்டாந்தரமும் வாசிச்சிது, மற்றது பந்திய மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிச்சு. அஞ்சு நிமிசத்துல கேட்டா வாசிச்ச கூட்டத்துக்கு 81 வீதம், எழுதினதுக்கு 75. ஒரு கிழமை கழிச்சு கேட்டா வாசிச்சது 42க்கு விழுந்துட்டு, எழுதினது 56ல நிண்டிச்சு. அஞ்சு நிமிசத்துல வாசிச்சவன்தான் வெண்டான் பாருங்க. அதாலதான் ஆக்கள் ஏமாறுறாங்க. கோர்னெல் எண்டவர் 2009ல அட்டைகள வச்சு செஞ்ச ஆராய்ச்சிலயும் 90 வீதமான ஆக்களுக்கு இடைவெளிதான் கூடப் பலன் தந்திச்சு, ஆனா படிச்சு முடிச்ச கையோட கேட்டப்ப 72 வீதம் பேர் ஒரே அடியா படிச்சதுதான் திறம் எண்டு நம்பினாங்க. கஷ்டப்பட்டு யோசிச்சு எடுக்கிறது மனசுக்கு தோல்வி மாதிரி தெரியும், ஆனா ஞாபகத்துக்கு பலம் சேக்கிறது அந்த இழுபறிதான்.

செய்யிற விதம் இது. பிரிஸ்டல் போட்ட அட்டையா வெட்டி ஒரு பக்கம் கேள்வி, மற்றப் பக்கம் பதில். "கபச்சுரப்பி பற்றி எழுது" எண்டு கேள்வி வைக்காதீங்க, "எஃப்எஸ்எச் ஆணுல என்ன செய்யும்" எண்டு சின்னதா வைங்க. மீட்டுற நாள்ல கொப்பிய வேற அறையில வச்சிட்டு வெறும் தாள்ல எழுதணும். வராட்டி ஒரு நிமிசமாவது இழுத்துப் பாக்கணும், பிறகு பதில பாக்கணும், பிழைய சிவப்பில திருத்தணும். திருத்தாம விட்டா பிழையே பாடமாகிடும்.

அந்த எட்டும் 35 நாளும்

மருமகளுக்கு அடுத்த தவணை பரீட்சைக்கு 35 நாள் இருந்திச்சு. நாங்க நாள் போட்டது 0, 1, 4, 11, 22, 33. இது ஒரு ஆராய்ச்சில இருந்து அப்பிடியே எடுத்தது இல்ல, முதல் இடைவெளிய சின்னதாவும் பிறகு பிறகு பெருசாவும் வைக்கிற வழமையான வழி. முதல் நாள் மறதி குத்தெண்டு விழுறதால ஒரு நாளுக்குள்ள ஒருக்கா பிடிக்கணும், பிறகு ஞாபகம் கொஞ்சம் உரம் ஏறினதும் நீட்டலாம்.

முதலாம் நாள், அதாவது 0 அண்டு, கட்டு கட்டா பிரிச்சு 25 நிமிசம் படிச்சாள், ஒருக்கா பிழையில்லாம எழுதின உடன நிப்பாட்டச் சொன்னன். "இன்னொருக்கா எழுதட்டா மாமா, வடிவா பிடிபடும்" எண்டாள். விடல்ல. அந்த இன்னொருக்காவ நாளைக்கு வச்சிரு எண்டன்.

அடுத்த நாள் அஞ்சுதான் வந்தது. முகம் சுருங்கிட்டு. ஆனா எனக்கு வேண்டியது அந்த மூண்டு பிழைதான். எஃப்எஸ்எச்சையும் எல்எச்சையும் மாத்தி எழுதினாள், ஒட்சிற்றோசின் விட்டுப் போச்சு. இன்னொண்டும் இருந்தது, ஏடிஎச் வந்த அஞ்சுக்குள்ளதான், ஆனா பக்கத்துல "பிற்பக்கச் சோணையில உண்டாகும்" எண்டு எழுதியிருந்தாள். அது உண்டாகிறது பரிவகக்கீழ்ல, சோணையில சேமிச்சு வெளியில விடுறது மட்டுந்தான். ராத்திரி பதினொரு மணிக்கு ஒப்புவிச்சப்பயும் இந்தப் பிழை இருந்திருக்கும், பேர்கள மட்டும் கேட்டதால எங்களுக்கு பிடிபடல்ல. அதுக்கு தனி அட்டை போட்டம்: "ஏடிஎச் எங்க உண்டாகுது, எங்க இருந்து வெளியேறுது?" பத்து நிமிசத்துல முடிஞ்சிது.

நாலாம் நாள் ஆறு வந்தது, எஃப்எஸ்எச் எல்எச் இன்னும் சிக்கல். அப்ப சும்மா திருப்பி எழுத விடாம காரணம் சேத்தம், எல்எச் கூடி உச்சத்துக்கு வந்தாத்தான் முட்டை வெளியேறும், எஃப்எஸ்எச் அதுக்கு முதல் புடைப்ப வளக்கிறது, அப்ப வளக்கிறது முதல், வெடிக்கிறது பிறகு. பதினோராம் நாள் வந்தப்ப கோயில்ல சடங்கு, குளுத்தி முடிஞ்சு பதிமூண்டாம் நாள்தான் இருந்தாள். பரவாயில்ல. ஏழு வந்தது, புரோலக்டின் மட்டும் வரல்ல, ரெண்டு நிமிசம் முகட்டப் பாத்துக்கொண்டு இருந்துட்டு தானே பிடிச்சாள். பிந்தின ரெண்டு நாள இழுத்துக் கட்ட அடுத்த நாள் ரெண்டு தரம் மீட்ட விடல்ல, மிச்ச நாள்கள அப்பிடியே வச்சம். 22ம் நாள் எட்டும், ஏடிஎச் அட்டையும் சரி. 33லயும் சரி, மூண்டு நிமிசம்.

எல்லாத்தையும் கூட்டினா ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. போன தவணை அதே எட்டுக்கு ஒரு ராத்திரில ரெண்டரை மணித்தியாலம் போயிருந்திச்சு.

எங்க பிழைக்கும், எப்பிடி பிடிக்கிறது

மீட்டுற நாள்ல பாதிக்கும் குறைவா வந்தா இடைவெளி கூடிட்டு, அந்த அட்டைய மட்டும் அடுத்த நாளுக்கு பின்னுக்கு எடுங்க, மிச்சத்த தொடாதீங்க. யோசிக்காம டக்கெண்டு எல்லாம் வந்தா இடைவெளி காணாது, அடுத்தத தள்ளிப் போடுங்க. நல்ல இடைவெளி எண்டால் கொஞ்சம் இழுத்துப் பறிச்சு எடுக்கிற மாதிரி இருக்கும். ஒரே அட்டை மூண்டு தரம் தொடந்து விழுந்தா அது இடைவெளிட பிழை இல்ல, விளங்கல்ல எண்டு அர்த்தம். டியூசன் சேரிட்ட கேளுங்க, அல்லது அட்டைய ரெண்டா உடைங்க.

இன்னொரு பொறி, குவியிறது. ஒரு நாளைக்கு பத்து புது அட்டை போட்டா ஒரு மாசத்துக்கு மேல போக ஒவ்வொரு நாளும் பத்து புதுசோட பழைய அம்பதும் வந்து நிக்கும், ஏனெண்டா ஒவ்வொரு அட்டையும் இன்னும் அஞ்சு நாள் திரும்ப வரும். அதால புதுசு எவ்வளவு எண்டு தீர்மானிக்க முதல் ஆறால பெருக்கிப் பாருங்க, அவ்வளவு அட்டைக்கு உங்களுக்கு நேரம் இருக்கா எண்டு. சோதனைக்கு கடைசி பத்து நாளைக்குள்ள புது அட்டை போடுறத நிப்பாட்டுறது நல்லது.

கணக்குக்கும் பௌதிகவியலுக்கும் இது அட்டையால மட்டும் சரிவராது. சூத்திரத்த அட்டையில போடலாம், ஆனா பாஸ் பேப்பர் கணக்குகள ஒரே மாதிரி இருபது செய்யாம வேற வேற அலகுல இருந்து கலந்து கலந்து செய்யணும், இல்லாட்டி எந்த சூத்திரம் எங்க எண்டு தெரிவு செய்யிற பழக்கம் வராது.

நாளைக்கே சோதனை, ஒண்டும் படிக்கல்ல எண்டால்? அப்ப ஒரே ராத்திரில படிக்கிறத தவிர வேற வழி இல்ல, அது நாளைக்கு வேலை செய்யும், நான் பொய் சொல்லல்ல. அதுக்குள்ளயும் ஒரே பாடத்த மூண்டு மணித்தியாலம் தொடந்து வாசிக்காம, முக்கால் மணித்தியாலம் ஒண்டு, பிறகு வேறொண்டு, பிறகு முதலாவத மூடிட்டு வெறும் தாள்ல எழுதிப் பாக்கிறது எண்டு பிரிங்க. பன்னிரண்டு மணிக்கு விளக்க நூருங்க. விடிய எழும்பி பிழைச்ச அட்டைகள மட்டும் ஒருக்கா பாருங்க, சரியா வந்தத தொடாதீங்க.

மருமகள்ட ஏடிஎச் அட்டை இப்பயும் அக்காட பிரிஜ்ஜில காந்தத்தால ஒட்டிக் கிடக்கு, அடுத்த மீட்டல் தை மாசம் எண்டு மூலையில எழுதி.